பதிவை என் கடையில் வையுங்கள்

எங்கள் ஊர் தொண்டிக்குத் தெற்கே, பாக் நீரிணைக் கரையில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி, ஆவணி வாக்கில் ஊர்ச் சங்கம் பாய்மரப் படகுப் போட்டி நடத்துகிறது. நான் அந்தச் சங்கத்தில் பொருளாளர். பொருளாளர் என்றால் பெரிதாக எதுவும் இல்லை, காசு கேட்டு ஏறி இறங்கும் ஆள் என்று அர்த்தம். நான்கு வருடம் ஒரே வலைக்கடையில் ஏறி இறங்கியதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வலை, கயிறு, ரப்பர் மிதவை, ஈயக் குண்டு, பெயின்ட், எஞ்சின் உதிரிபாகம் எல்லாம் விற்கிற நடுத்தரக் கடை. அண்ணன் தம்பி இரண்டு பேர் கூட்டாக நடத்துகிறார்கள். மூத்தவரை நாங்கள் பாய் என்போம். படகின் பாய்க்கும் அவருக்கும் ஒரே பெயர் என்பதால் சங்கக் கூட்டங்களில் நடந்த குழப்பங்களைத் தனியாக ஒரு பதிவாகவே எழுதலாம். இங்கே அவரை முதலாளி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதல் வருடம் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். நோட்டீஸ் அடித்து, கீழே “தங்களால் இயன்ற பொருளுதவி செய்து விழாவைச் சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்று போட்டு, ரசீதுப் புத்தகத்தோடு எட்டுப் பேர் கடைக்குள் நுழைந்தோம். முதலாளி நோட்டீசைப் படிக்கவே இல்லை. கல்லாவைத் திறந்து 2,001 ரூபாய் எண்ணிக் கொடுத்து, “டீ சாப்பிட்டுப் போங்க தம்பி” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இயன்றதைக் கொடுங்கள் என்று கேட்டால், கடைக்காரர் தன்னால் என்ன இயலும் என்று கணக்குப் போடுவதில்லை. போன வாரம் கோயில் கமிட்டிக்கு எவ்வளவு, அதற்கு முந்தின வாரம் கபடிப் பையன்களுக்கு எவ்வளவு என்று நினைத்துப் பார்த்து அதே தொகையைக் கொடுத்து அனுப்புகிறார். அது வியாபாரம் செய்கிற ஊரில் பகை வராமல் இருக்கக் கட்டுகிற வரி மாதிரி.

இரண்டாம் வருடம் கொஞ்சம் விவரமானோம், அல்லது அப்படி நினைத்துக்கொண்டோம். நன்கொடை என்ற வார்த்தையை விட்டுவிட்டு ஸ்பான்சர் என்றோம். 25,000 ரூபாய் கொடுத்தால் எல்லாருடைய பனியனிலும் கடை பெயர், பெரிய பிளக்ஸ் ஒன்று, ஒரு படகின் பாயில் கடை பெயர். முதலாளி ஒத்துக்கொண்டார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருடம் நடந்ததை வரிசையாகச் சொன்னால் சிரிப்பீர்கள்.

பாயில் பெயின்ட்டால் பெயர் எழுதினோம். எங்கள் போட்டியில் படகுகள் கரையிலிருந்து கிழக்கே கடலுக்குள் போய், மிதவையில் நட்ட கொடியைச் சுற்றித் திரும்ப வேண்டும். அந்த மாதங்களில் தெற்கேயிருந்து சோழகக் காற்று அடிக்கும். போகும்போது பாயின் காற்று வாங்கும் பக்கம் கரைக்குத் தெரியும், திரும்பும்போது மறுபக்கம் தெரியும். கடலில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது தெரியாததா? ஆனால் பெயர் எழுதும்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதினோம். மெல்லிய துணி. போகும்போது எழுத்து நேராக இருந்தது, அப்போது கூட்டம் இன்னும் வந்து சேரவில்லை. திரும்பும்போது மொத்த ஊரும் கரையில் நிற்க, கடையின் பெயர் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாறி வந்தது. அதுவும் கடைசிக்கு முந்தின இடத்தில்.

முதலாளி அன்று சிரித்தார். அடுத்த வாரம் கடைக்குப் போனபோது, “என் பேரு போட்ட படகு தோத்துப் போச்சுன்னு நேத்து ஒருத்தன் கடையில வந்து கேலி பண்றான் தம்பி” என்றார். நியாயமான வருத்தம். ஒரு படகில் மட்டும் பெயர் போட்டால் அந்தப் படகின் தோல்வியும் கடைக்காரர் தலையில் ஏறும். ஜெயித்தால் மட்டும் சும்மாவா? மற்ற ஊர்க்காரர்களெல்லாம் அவரை எதிர்க்கட்சியாகப் பார்ப்பார்கள். எல்லா ஊருக்கும் வலை விற்கிறவருக்கு அது ஆகாது.

பிளக்ஸ் இன்னொரு கூத்து. வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் ஐந்நூறு ஆயிரம் வாங்கி, எல்லார் பெயரையும் அதிலேயே போட்டோம். 25,000 கொடுத்தவர் பெயர், 500 கொடுத்த பெட்டிக்கடைக்குப் பக்கத்தில். போதாததற்கு இன்னொரு வலைக்கடையிடமும் யாரோ காசு வாங்கியிருந்தார்கள். அதுவும் அதே பிளக்சில். அனுமதி வாங்காமல் ரோட்டோரம் வைத்ததால் போலீஸ் வந்து முதல் நாள் சாயங்காலமே கழற்றச் சொன்னது தனிக்கதை.

ஆனால் இதையெல்லாம்விட என்னை யோசிக்க வைத்தது வரவு செலவு நோட்டுதான். பனியன் 100, ஒன்று 160 ரூபாய் வீதம் 16,000. பிளக்சும் சாரமும் 3,500. பெயின்ட்டும் எழுதியவர் கூலியும் 1,500. ஆக 25,000 வாங்கி, அவர் பெயரைக் காட்டவே 21,000 செலவழித்திருந்தோம். போட்டிக்கு மிஞ்சியது 4,000. முதல் வருடம் சும்மா கொடுத்த 2,001-ஐவிட இரண்டாயிரம்தான் அதிகம். அதற்கு எட்டுப் பேர் ஒரு மாதம் அலைந்திருக்கிறோம்.

ஸ்பான்சர் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பார்க்காமல் விடுகிற கணக்கு இது. வாங்குகிற தொகை முழுவதும் நமக்கு வருவதில்லை. அவருக்குத் திருப்பிச் செய்வதற்கும் செலவு இருக்கிறது. அதனால் நமக்குச் செலவே இல்லாமல், அவருக்கு மட்டும் மதிப்புள்ளதாக நம்மிடம் என்ன இருக்கிறது என்று தேட வேண்டும். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இன்னொரு வருடம் ஆனது. கண்டுபிடித்ததும் நாங்கள் இல்லை, முதலாளியே வாய்தவறிச் சொன்னார்.

மூன்றாம் வருடம் நான் ஒருவன் மட்டும் போனேன். எட்டுப் பேர் போனால் அது வசூல். ஒருவர் போனால்தான் பேச்சு. போகிற நேரத்தையும் யோசித்தேன். விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை. வெளியூர்க்காரர்கள் அந்த 61 நாளும் இந்தக் கடைகள் தூங்கும் என்று நினைப்பார்கள். உண்மையில் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பது, வலை மாற்றுவது, எஞ்சின் பிரிப்பது எல்லாம் அப்போதுதான். அதிலும் ஜூன் முதல் இரண்டு வாரம் கடையில் நிற்க இடம் இருக்காது. கூட்டம் இருக்கிறதே என்று அப்போது போய்க் காசு கேட்டால் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் பாதி விற்பனை கடன். முதலாளி கம்பெனிக்குச் சரக்குக் காசு கட்ட வேண்டிய நேரமும் அதுதான். படகுகள் கடலுக்குப் போய், மீன் பட்டு, பாக்கி கொஞ்சம் வசூலாகி, முதலாளி மூச்சு விடுவது ஜூன் கடைசியில். நான் போனது ஜூலை முதல் வாரம். போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. இன்னொன்று, காலையில் கடை திறந்ததும் போகாதீர்கள். போணி ஆகாத கடையில் காசு கேட்டு நிற்பதைவிடக் கேட்காமல் இருப்பது மேல். வெள்ளிக்கிழமை மதியமும் வேண்டாம். நான் போனது செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி சுமாருக்கு.

இந்தத் தடவை கையில் கடிதம் கூடக் கொண்டுபோகவில்லை. “போன வருசம் செஞ்சதுல உங்களுக்கு ஏதாவது பிரயோசனம் இருந்துச்சா பாய்?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்: “தம்பி, இந்தத் தொண்டியில என் கடையத் தெரியாதவன் யாரு? பனியன்ல பேரு போட்டா புதுசா யாரு வரப்போறா? நம்புதாளைக்காரன், சோழியக்குடிக்காரன் எப்படியும் இங்கதான் வருவான். முள்ளிமுனை, காரங்காட்டுல பாதிப் பேரு வர்றான். மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடிக்காரன் ராமநாதபுரம் போயிடுறான். எஸ்.பி.பட்டினத்துக்காரன் வடக்க கோட்டைப்பட்டினம் போயிடுறான். அவன் ஒரு தடவ கடைக்குள்ள வந்து சரக்கப் பாத்தா போதும். வரமாட்டேங்கிறானே.”

வீட்டுக்கு வந்து போன வருட நோட்டை எடுத்தேன். 22 படகுகள். படகுக்கு 6 பேர். அதில் 13 படகுகள் அவர் சொன்ன, கடைக்கு வராத ஊர்களிலிருந்து. போட்டி பார்க்க வந்த கூட்டம் ஆயிரம் இரண்டாயிரம் இருக்கும், ஆனால் அதில் பெரும்பாலானவர்கள் ஆயுளுக்கும் ஒரு கண்டு நூல்கூட வாங்கப் போவதில்லை. வலை வாங்குகிறவர்கள், எஞ்சினுக்குக் காசு கொடுக்கிறவர்கள் அந்தப் படகுச் சொந்தக்காரர்கள்தான். அவர்கள் எப்படியும் போட்டிக்கு முன்னால் இரண்டு தடவை எங்களிடம் வந்தே ஆக வேண்டும். ஒன்று, படகின் பெயரையும் ஆட்கள் பெயரையும் பதிந்து கட்டணம் கட்ட. இன்னொன்று, கிளம்பும் வரிசைக்குச் சீட்டுக் குலுக்க. அதுவரை இரண்டையும் சங்கக் கொட்டகையில் நடத்திக்கொண்டிருந்தோம்.

அதைக் கடைக்கு மாற்றினால் எங்களுக்கு என்ன செலவு? ஒரு மேசை, ஒரு நோட்டு. அதையும் அவரே தருவார்.

அடுத்த நாள் எழுதிய கடிதம் ஒரு பக்கம்தான். அதன் நடுப்பகுதியை அப்படியே தருகிறேன்:

“போட்டியில் கலந்துகொள்ளும் படகுகளின் பதிவு ஆகஸ்ட் முதல் பத்து நாட்கள் தங்கள் கடையில் மட்டுமே நடைபெறும். படகின் சொந்தக்காரர் அல்லது படகை ஓட்டும் தண்டல் நேரில் வந்து பதிய வேண்டும். போட்டிக்கு முந்தின நாள் மாலை 4 மணிக்குச் சீட்டுக் குலுக்கலும் தங்கள் கடை வாசலில் நடைபெறும். கலந்துகொள்ளும் எல்லாப் படகுகளின் பாயிலும் இரு பக்கமும் தங்கள் கடையின் பெயர் இருக்கும். வலை, கயிறு, எஞ்சின் உதிரிபாகம் விற்கும் வேறு எந்தக் கடையின் பெயரும் போட்டியில் இடம்பெறாது. இதற்கான விளம்பரக் கட்டணம் 40,000 ரூபாய்.”

‘இயன்ற’ என்ற வார்த்தை எங்கும் இல்லை. சங்கத்தின் பெருமை, ஊரின் பழமை, மீனவர் வீரம் என்று முந்தின வருடம் எழுதிய மூன்று பத்தியையும் எடுத்துவிட்டேன். அதெல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பாயில் எழுதுவதற்குப் பதில் துணியில் அச்சடித்துத் தைத்தோம். 22 படகுக்கு இரு பக்கமும் 44 துணி, தையலோடு ஒன்று 150 ரூபாய், மொத்தம் 6,600. எங்கே தைப்பது என்பதில் தண்டல்கள் கறாராக இருந்தார்கள். கீழே தைத்தால் ஆட்கள் மறைப்பார்கள், உச்சியில் தைத்தால் பாய் கனத்து ஆடும். நடுவுக்குச் சற்று மேலே என்று முடிவானது. 40,000-இல் இது போனால் மிச்சம் 33,400. முதல் பரிசு 20,000-மும், பாதுகாப்புக்குக் கூடவே போகிற நான்கு எஞ்சின் படகுகளின் டீசல் செலவும் அதற்குள் அடங்கிவிட்டன.

முதலாளி உடனே சரி என்று சொல்லவில்லை. அவருடைய தயக்கங்கள் நான் எதிர்பார்த்தவையே இல்லை. தொகை அதிகம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. முதல் தயக்கம்: “உங்களுக்கு நாப்பதாயிரம் குடுத்தேன்னு தெரிஞ்சா மத்த ஊர்க்காரன் வந்து நிப்பானே?” இரண்டாவது: “பாக்கி வச்சிருக்கிறவன், விளம்பரத்துக்குக் காசு இருக்கு, எங்கிட்ட மட்டும் நெருக்குறியான்னு கேப்பானே?” இரண்டுக்கும் கடிதமே பதில் ஆனது. வருகிறவரிடம் கடிதத்தை நீட்டி, “இது நன்கொடை இல்ல. இந்த மாதிரி எனக்கு என்ன செய்வீங்கன்னு எழுதிட்டு வாங்க” என்று சொல்லலாம். பின்னால் உண்மையிலேயே இரண்டு ஊர்க்காரர்களிடம் அப்படிச் சொன்னாராம். ஒருவர் எழுதிக்கொண்டு வந்ததாகவும் கேள்வி.

மூன்றாவது தயக்கத்தை முதலாளியின் தம்பிதான் சொன்னார், மெதுவாக. இந்தக் காசு கோயில் திருவிழாக் கணக்கில் சேருமா என்று. கேட்க வேண்டிய கேள்விதான். கோயிலுக்குக் கொடுப்பதில் அவர்களுக்கு வருத்தம் இல்லை, வருடாவருடம் கொடுக்கிறவர்கள். ஆனால் விளம்பரக் கணக்கு என்று எழுதிவிட்டு அது எங்கே போகிறது என்று தெரியாமல் இருப்பதை எந்த வியாபாரியும் விரும்ப மாட்டார். எங்கள் சங்கம் 1975-ஆம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது, சங்கத்தின் பெயரில் பான் கார்டும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. போட்டிக்கு வரும் பணம் அந்தக் கணக்குக்கு மட்டும் வரும், எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும் என்று பாஸ்புக்கைக் காட்டினேன். அதோடு முடிந்தது.

ஆடிட்டர் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். முந்தின வருடம் நாங்கள் நன்கொடை ரசீது கொடுத்திருந்தோம். அவருடைய ஆடிட்டர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருக்கிறார். நன்கொடைக்கு வரிச்சலுகை வேண்டுமானால் வாங்குகிற அமைப்புக்கு 80ஜி பதிவு இருக்க வேண்டும், எங்களைப் போன்ற ஊர்ச் சங்கத்துக்கு அது கிடையாது. அதே பணத்தை விளம்பரச் செலவாக, என்ன விளம்பரம் என்று விவரம் எழுதிய பில்லோடு கொடுத்தால், கடையின் வியாபாரச் செலவில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வருமான வரியில் ஏற்க மாட்டார்கள். அதனால் செக் அல்லது வங்கி மாற்றல்தான். இன்னொன்று ஜி.எஸ்.டி. எங்கள் மாதிரிச் சங்கத்துக்கு ஸ்பான்சர் செய்வது கூட்டு நிறுவனமாகவோ கம்பெனியாகவோ இருந்தால், 18 சதவீத வரியை அவர்களே நேராக அரசுக்குக் கட்ட வேண்டும். இவர்கள் கூட்டு நிறுவனம் என்பதால் 40,000-க்கு 7,200. அதைப் பின்னால் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று ஆடிட்டர் சொன்னார். தனி ஆள் நடத்துகிற கடைக்கு இந்தத் தொல்லை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பணம் கொடுத்த பிறகு ஆடிட்டர் வாயால் 7,200 என்று கேட்டால் நாம் மறைத்துவிட்டதாகத்தான் நினைப்பார்.

கடிதத்தில் நான் எழுதாமல் விட்டு மாட்டிக்கொண்டது ஒன்று உண்டு. போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் பலத்த காற்று எச்சரிக்கை வந்து, கடலுக்குப் போக வேண்டாம் என்று மீன்வளத் துறை சொல்லிவிட்டது. போட்டியை எட்டு நாள் தள்ளி வைத்தோம். தள்ளிப்போனால் பணம் என்ன ஆகும், நடக்காமலே போனால் எவ்வளவு திருப்பித் தருவோம் என்று ஒரு வரி கூட எழுதவில்லை. முதலாளி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை, துணிக்கு ஏற்கனவே செலவு செய்தாயிற்று. இப்போது எழுதுகிறோம்: தள்ளிப்போனால் ஒப்பந்தம் அப்படியே தொடரும், நடக்காவிட்டால் ஆன செலவு போக மீதி பத்து நாளில் திருப்பித் தரப்படும். துணியில் தேதி போடாமல் வருடம் மட்டும் போட்டிருந்தது அதிர்ஷ்டம்.

பதிவு எப்படி நடந்தது என்று சொல்லவில்லையே. பத்து நாளில் 22 படகுகள் பதிந்தன. நான் தினமும் சாயங்காலம் போய் மேசையில் உட்காருவேன். திருப்பாலைக்குடியிலிருந்து வந்த ஒரு பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, கயிற்றுச் சுருளை இழுத்துப் பார்த்து விலை கேட்டார். “ராமநாதபுரத்துல இத விடக் கூடச் சொல்றானே” என்று முணுமுணுத்தபடி போய்விட்டார். வாங்கவில்லை. பதிவு செய்த ஒவ்வொரு படகுக்கும் முதலாளி தன் யோசனையாகவே ஒரு சீட்டுக் கொடுத்தார், தீபாவளிக்குள் வந்து வாங்கினால் 300 ரூபாய் தள்ளுபடி. போட்டி முடிந்த மறுவாரம் நான் படங்கள், பதிவு நோட்டின் நகல், செலவுப் பில்களின் நகல் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். தீபாவளி முடிந்து போனபோது கல்லாவிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்துக் காட்டினார். 22 சீட்டில் 9 திரும்பி வந்திருந்தன. அதில் 6 பேர் முன்பு அந்தக் கடைப் படியே ஏறாதவர்கள். கயிற்றை இழுத்துப் பார்த்த பெரியவரும் ஒருவர்.

ஒன்பது போதுமா என்று எனக்குச் சந்தேகம். அவரிடம் கேட்டேன். “ஒருத்தன் வலை மாத்துனா அதுல வர்றது உனக்குத் தெரியாது தம்பி” என்றார். எவ்வளவு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வருடம் ஜூலையில் நான் போவதற்கு முன்பே கூப்பிட்டுவிட்டார். அதே 40,000 தருகிறேன் என்றார். பாயில் பெயர் போடுவது வேண்டாமாம், அந்த 6,600-ஐ நாங்களே வைத்துக்கொண்டு இரண்டாம் பரிசைக் கூட்டிக்கொள்ளலாமாம்.

“பதிவ மட்டும் என் கடையில வைங்க. பத்து நாளு பத்தாது, இருபது நாளா வைங்க.”

பதினைந்து நாள் என்று பேசி முடித்தோம்.